இன்வெர்ட்டர் சத்தம்: எது வழக்கம், எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்

"அண்ணே, ஆனையூர்ல இருக்கோம். 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, வாங்கி மூணு வருஷம் ஆகுது. மாசாந்திர ஷட்டவுன் அன்னைக்குக் காலைல 9 மணிக்குப் போன கரண்ட் 2 மணிக்கு வந்துச்சு. அதுல இருந்து ராத்திரி வரைக்கும் இன்வெர்ட்டர் ஃபேன் உஸ்ஸுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. கரண்ட் இல்லாதப்ப சீலிங் ஃபேன்ல காயில் கத்துற மாதிரி ஒரு இரைச்சல். அப்பா மீடியம் வேவ்ல திருச்சி ஸ்டேஷன் கேப்பாரு, ரேடியோல ஒரே கொர்ர். இதெல்லாம் நார்மலா, இல்ல மெக்கானிக்கைக் கூப்பிடணுமா?"

நீங்கள் சொன்ன அளவில் மூன்றுமே பெரும்பாலும் வழக்கமான சத்தங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வழக்கம் எங்கே முடிகிறது, பழுது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இன்வெர்ட்டர் வேலையில் நான் முதலில் கவனிப்பது சத்தம் பெரிதா சிறிதா என்பதை அல்ல. லோடு ஏறினால் சத்தம் ஏறுகிறதா, லோடு இறங்கினால் இறங்குகிறதா, நடுவில் ஒரே சீராக இருக்கிறதா என்பதைத்தான். லோடைப் பின்தொடரும் சீரான சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். லோடு மாறாமலே சத்தம் மட்டும் மாறுகிறது, விட்டுவிட்டு வருகிறது என்றால் உள்ளே எதையோ பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஃபேன் சத்தம். உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஷட்டவுன் நேரத்தில் இரண்டு சீலிங் ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு ஓடியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபேனுக்கு 75 வாட், பல்புக்கு 9 வாட் என்றால் மொத்தம் 180 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இன்வெர்ட்டருக்குள் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 225 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 19 ஆம்பியர் அளவு. ஐந்து மணி நேரத்தில் 95 ஏஹெச் காலி. அதாவது 150 ஏஹெச் பேட்டரியில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. எடுத்ததைத் திருப்பி ஏற்ற, எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். சுமார் 110 ஏஹெச். இந்த அளவு இன்வெர்ட்டர்களில் சார்ஜிங் கரண்ட் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியருக்குள் இருக்கும். 12 என்று எடுத்தால் ஒன்பது மணி நேரம். பேட்டரி நிறைய நிறையக் கரண்டை இன்வெர்ட்டரே குறைத்துக்கொண்டு வரும் என்பதால், கடைசிக் கொஞ்சம் ஏற இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவை ஒட்டித்தான் முடியும்.

அவ்வளவு நேரமும் பெட்டிக்குள் சூடு இருக்கும். 12 ஆம்பியர் ஏறும்போது பேட்டரிக்குப் போவது 170 வாட்டை ஒட்டி. அதைக் கொடுக்கும்போது டிரான்ஸ்பார்மரிலும், கரண்டை வேகமாக வெட்டி மாற்றும் மாஸ்ஃபெட் சில்லுகளிலும் சூடாகப் போவது 40, 50 வாட். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று மூடிய தகரப் பெட்டிக்குள் நாள் முழுக்க எரிவது போலத்தான் இது. சித்திரை வெயிலில் மதுரை வீட்டுக்குள் காற்றே கொதிக்கும்போது, அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேன் ஓடியே ஆக வேண்டும். எனவே அன்று இரவு வரை உஸ்ஸென்று ஓடியது சரியான வேலை. மறுநாள் காலை எழுந்து பார்க்கும்போது நின்றிருந்தாலோ மெதுவாகியிருந்தாலோ கவலையை விட்டுவிடுங்கள். சில மாடல்களில் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் ஃபேன் ஓடும்படியே அமைத்திருப்பார்கள். உங்களுடையது வாங்கிய நாளிலிருந்தே அப்படி என்றால் அது பழுதல்ல.

முழுதாக ஒரு நாள் கடந்தும், இடையில் கரண்ட் போகாமலே, ஃபேன் அதே வேகத்தில் ஓடுகிறது, சார்ஜிங் விளக்கும் ‘முடிந்தது’ என்று மாறவில்லை என்றால் அது வேறு கதை. பேட்டரியில் உள்ள ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் பேட்டரியின் வோல்ட் நிறைந்த அளவைத் தொடவே தொடாது. இன்வெர்ட்டர் இன்னும் நிறையவில்லை என்று நினைத்துக் கரண்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்ட் சூடாகவும் வாயுவாகவும் போகும். பேட்டரியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, பக்கச்சுவர் உப்பல், ஒரு பக்கத்து மிதவை மட்டும் அடிக்கடி இறங்குவது, அழுகிய முட்டை வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை அணைத்து, கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டரை சாமி அறையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வாடை இருக்கும்போது பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ ஏற்றக் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து அந்த வாடையோடு, வாடையே இல்லாத, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும்.

ஃபேனின் சத்தமே மாறியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். காற்றுச் சத்தம் மட்டும் என்றால் நலம். ஆரம்பிக்கும்போது கரகரவென்று உறுமி, ஒரு நிமிடத்தில் அடங்குகிறது என்றால் பேரிங் காயத் தொடங்கிவிட்டது. உடனே ஆபத்தில்லை, ஆனால் அடுத்த கோடைக்கு முன் மாற்றிவிடுங்கள். அது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஃபேன், மாற்றுவது எளிய வேலை. ஒழுங்காக டிக் டிக் என்று தட்டினால் ஒயர் எங்கோ இறக்கையில் உரசுகிறது, அல்லது தூசியோ ஒட்டடையோ சிக்கியிருக்கிறது. எனக்கு உண்மையில் பயம் தருவது சத்தமே இல்லாத பெட்டி. நாலைந்து மணி நேரக் கரண்ட் கட் முடிந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, மேல் தகரம் தொட முடியாமல் சுடுகிறது, ஃபேன் அசையவில்லை என்றால், எந்தச் சத்தத்தையும்விட அதற்குத்தான் முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும். ஃபேன் நின்ற பெட்டியில் அடுத்துப் போவது மாஸ்ஃபெட், அதற்கடுத்து போர்டு.

நீங்களே செய்யக்கூடியது வெளித் துடைப்புதான். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் காற்றுத் துளைகளில் உள்ள தூசியைத் தட்டுங்கள். மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் பேட்டரி உள்ளே இணைந்தேதான் இருக்கிறது, கெப்பாசிட்டரிலும் சார்ஜ் நிற்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துணி போட்டு மூடுவதும், மரக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைப்பதும்தான் ஊரில் பாதி இன்வெர்ட்டர்கள் ஓயாமல் இரைவதற்குக் காரணம்.

அடுத்து காயில் சத்தம். இதில் இரண்டு தனித்தனிச் சத்தங்கள் இருக்கின்றன. நீங்கள் சொல்வது சீலிங் ஃபேனில் வருவது. இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளிருந்தும் ஒரு ‘ம்ம்ம்’ வரும். அது டிரான்ஸ்பார்மர். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்புத் தகடுகள் இரண்டு முறை இழுபடுவதால் நொடிக்கு 100 முறை அதிரும். சார்ஜ் ஏறும்போதும், கரண்ட் இல்லாமல் லோடு ஓடும்போதும் இது கூடும், லோடு குறைந்தால் குறையும். சத்தம் புதிதாகக் கூடியிருந்தால் முதலில் டிராலியின் மீது கையை அழுத்தி வையுங்கள். அழுத்தியதும் சத்தம் அடங்கினால் அதிர்வது தகரமும் டிராலியும்தான். அடியில் ஒரு ரப்பர் மேட் போட்டால் சரியாகும். அடங்கவில்லை, மாதாமாதம் கூடுகிறது, கூடவே வார்னிஷ் கருகும் வாடை என்றால் தகடுகளோ சுருளோ தளர்ந்திருக்கிறது. அதைக் கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சாயங்கால நேரத்தில் பெட்டிக்குள் டக் டக்கென்று, கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற்றும் ரிலே சுவிட்ச் மாறி மாறித் தட்டினால், அதுவும் பெரும்பாலும் பெட்டியின் கோளாறல்ல. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்: யூ.பி.எஸ். நிலை, சாதாரண நிலை. யூ.பி.எஸ். நிலையில் கரண்ட் 180 வோல்ட்டை ஒட்டி இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். ஊரெல்லாம் மோட்டார் போடும் நேரத்தில் வோல்ட் இறங்கி ஏறும். பெட்டியும் தாவித் தாவி வரும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் சாதாரண நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

சீலிங் ஃபேன் இரைச்சலுக்கு வருவோம். கரண்டில் அமைதியாக ஓடும் ஃபேன் இன்வெர்ட்டரில் மட்டும் இரைகிறது என்றால், உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பெட்டியின் லேபிளைப் பாருங்கள். சைன் வேவ் என்று எழுதியிருந்தால் அது ஸ்கொயர் அல்ல. அந்தச் சொல்லே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்கொயர். மின்வாரியக் கரண்ட் அலை போல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஸ்கொயர் வேவ் பெட்டி கொடுப்பது படாரென்று ஏறி, அப்படியே நின்று, படாரென்று விழும் கரண்ட். அந்தச் சதுர வடிவத்துக்குள் 50 சுற்றோடு 150, 250, 350 சுற்றுகளும் கலந்திருக்கும். ஃபேனின் சுருளும் தகடும் அந்த மேல் சுற்றுகளுக்கெல்லாம் அதிர்கின்றன. அதுதான் காதில் விழும் இரைச்சல். ஃபேன் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், ஆனால் அன்றாடக் கரண்ட் கட்டுக்கு அதனால் உடனே எரிந்துவிடாது.

ரெகுலேட்டரை 2-ல் வைத்து ஒரு முறை, 5-ல் வைத்து ஒரு முறை கேளுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அந்தச் சதுரத்தை மேலும் வெட்டிக் கொடுப்பதால் குறைந்த வேகத்தில் இரைச்சல் அதிகம். முழு வேகத்தில் பாதியாகக் குறையும். இரவில் தூங்கவிடாத அளவு என்றால் கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேனை முழு வேகத்தில் வைப்பதே செலவில்லாத வழி. பிறகு ஒரு நாள் இன்வெர்ட்டர் மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள். இதற்காக மட்டும் ஓடும் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். நல்ல கரண்டிலும் அதே ஃபேன் இரைகிறது என்றால் குற்றம் ஃபேனில் இருக்கிறது. கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அப்பாவின் ரேடியோ. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த ரேடியோ உங்கள் வீட்டில் ஒரு நல்ல சோதனைக் கருவி.

திருச்சி நிலையம் வருவது 936 கிலோஹெர்ட்ஸில். மீடியம் வேவில் குரல், அலையின் ஏற்ற இறக்கமாகவே வருகிறது. இன்வெர்ட்டர் கரண்டின் ஒவ்வொரு படார் ஏற்றமும் ஒரு சின்ன மின் தெறிப்பு. நொடிக்கு நூறு முறை வரும் அந்தத் தெறிப்புகள் வீட்டு ஒயரிங் முழுக்க ஓடுகின்றன. ஒயரிங்கே ஏரியல் போல நின்று அதைப் பரப்புகிறது. ரேடியோவும் ஏற்ற இறக்கம்தானே கேட்கிறது, அதனால் இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் கொர்ர் என்கிறது. திருச்சி நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்கே வரும் அலை பலவீனம். பக்கத்து ஸ்டேஷன் என்றால் இந்த அளவு மூழ்காது. எஃப்.எம். வேறு முறையில் குரலை ஏற்றுவதால் அதில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இருக்காது.

வழக்கமான கொர்ர் எப்படி இருக்கும் என்றால், ஒரே சுருதியில், கரண்ட் போன கணத்தில் தொடங்கி வந்த கணத்தில் நிற்கும். அதைக் குறைக்கச் சில வழிகள். ரேடியோவை அடாப்டரில் போடாமல் செல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒயர் வழியாக உள்ளே வரும் பாதி அத்தோடு போய்விடும். இன்வெர்ட்டரிலிருந்தும் ஒயரிங் ஓடும் சுவரிலிருந்தும் நாலைந்து அடி தள்ளி வையுங்கள். பிறகு ரேடியோவைப் படுக்கைவாட்டில் மெல்லத் திருப்புங்கள். மீடியம் வேவ் ரேடியோவுக்குள் ஒரு கறுப்பு ஃபெரைட் குச்சி ஏரியலாக இருக்கிறது. அதன் முனை எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது மிகக் குறைவாகக் கேட்கும். திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் கொர்ர் சட்டென்று இறங்கும். ஸ்டேஷனும் அதே கோணத்தில் இறங்கினால் ரேடியோவை அறையின் வேறு மூலைக்கு மாற்றி மறுபடி திருப்புங்கள்.

இன்வெர்ட்டரைக் குற்றம் சொல்லும் முன் ஒரு சோதனை. கரண்ட் இல்லாத நேரத்தில் ரேடியோ செல்லில் ஓடிக்கொண்டிருக்கட்டும். பல்புகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். விலை மலிந்த எல்.இ.டி. பல்பு ஒன்றை அணைத்ததும் கொர்ர் நிற்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் ஸ்கொயர் வேவில் கூடுதலாகக் கத்தும். பல்பை மாற்றினால் முடிந்தது. எல்லாவற்றையும் அணைத்தும் சத்தம் இருந்து, இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை அணைத்ததும் நின்றால் அது பெட்டியிலிருந்து வருவது. அதையும் அணைத்த பிறகும் கேட்டால் அது உங்கள் வீட்டிலிருந்தே வரவில்லை.

சீரான கொர்ர் அல்லாமல், பொரிவது போலச் சடசடவென்று விட்டுவிட்டு வந்தால், அது ஸ்பார்க். எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்து பொறி தெறிக்கிறது. வில்லாபுரத்தில் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் போனேன். அந்த அம்மா சொன்னது, "ரேடியோ படபடங்குது தம்பி, அப்பல்லாம் பல்பும் லேசா இமைக்குது, மத்தபடி இன்வெர்ட்டர் நல்லாத்தான் ஓடுது." ஃபேன் சரி, சார்ஜிங் சரி, பேட்டரி வோல்ட்டும் சரி. லோடு போட்டுவிட்டு ரேடியோவைப் பேட்டரிப் பக்கம் கொண்டு போனால் படபடப்பு கூடியது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் வெள்ளை உப்பு பூத்திருந்தது, ஒயர் முனையை டெர்மினலோடு பிடித்திருக்கும் லக்கின் நட்டு விரலாலேயே திரும்பியது. லோடை அணைத்துத் தொட்டுப் பார்த்தால் பாசிட்டிவ் லக் சாதாரணமாக இருந்தது, நெகட்டிவ் சுட்டது. அந்த ஒயரில் 20 ஆம்பியர் ஓடுகிறது; இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 40 வாட் அந்த ஒரு நட்டில் சூடாக நிற்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியின் மூக்குக்குப் பக்கத்தில் பொறி தெறிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. லக்கைக் கழற்றி, சோடா மாவு கரைத்த வெந்நீரால் உப்பைக் கழுவி, காயவைத்து, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவியதும் ரேடியோ அடங்கியது, பல்பு இமைப்பதும் நின்றது.

அந்த வேலையை நீங்களே செய்யலாமா என்றால், நட்டு இறுக்கும் ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே பழுக்கும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் அதுவும்தான். பழக்கம் இல்லையென்றால் ஆளை விட்டுச் செய்யுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு லக்கையும் தொட்டுப் பார்ப்பது: ஒன்று மட்டும் சுட்டால் அதுவே விடை. டெர்மினல் சரியாக இருந்தும் சடசடப்பு தொடர்ந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை, இன்வெர்ட்டர் செருகும் பிளக் பாயின்ட், எம்.சி.பி., பெட்டிக்குள் இருக்கும் ரிலே. பிளக் பாயின்ட்டின் துளை பழுப்பேறியிருந்தால் அதை அன்றே மாற்றுங்கள்.

மெக்கானிக் வந்தால் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாமல், கரண்ட் இருக்கும்போதா இல்லாதபோதா, எந்த லோடில், சீராகவா விட்டுவிட்டா என்று சொல்லுங்கள். வந்தவர் மீட்டர் எடுக்காமல் "போர்டு போச்சு" என்றால் பொறுக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி டெர்மினலில் 14 வோல்ட்டைக் கடந்து 14 சொச்சத்தில் நிற்க வேண்டும். நிறைந்த பிறகு 13.5, 13.8-க்கு இறங்க வேண்டும். 15-க்கு மேல் போனால் இன்வெர்ட்டர் அதிகமாக ஊட்டுகிறது. எவ்வளவு நேரமானாலும் 13-ஐத் தாண்டத் திணறினால் செல் போயிருக்கிறது. ஃபேன் ஓடவில்லையென்றால் ஃபேன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும், வராவிட்டால்தான் போர்டைத் திறக்க வேண்டும்.

உங்கள் பேட்டரிக்கு மூன்று வருடம் ஆகிவிட்டதால், அடுத்த ஷட்டவுன் அறிவிப்பு வரும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஆறு மிதவையையும் பார்த்து, இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம். ஷட்டவுன் முடிந்து மறுநாள் காலை ஃபேன் நின்றிருக்கிறதா, அப்பாவின் ரேடியோ சீராகக் கொர்ர் என்றதா, சடசடத்ததா என்று கேட்டு எழுதுங்கள். சடசடத்தது என்றால் டெர்மினலைப் பார்க்க அன்றே ஆள் வர வேண்டும்.